எள்ளின் கல்சியம் எங்கே போகிறது?

எள்ளு எலும்பைப் பலப்படுத்தும் என்பது வன்னியில் யாரும் புதிதாகச் சொல்லவேண்டிய செய்தியில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் உள்ள விசுவமடுவும் அதைச் சூழ்ந்த ஊர்களும் எள்ளை விதைக்கவும் விற்கவும் உண்ணவும் தெரிந்த ஊர்கள். பெரும்போக நெல் அறுவடை முடிந்த வயலிலும் மேட்டுக்காணியிலும் சிறுபோகத்தில் எள்ளு போடுவார்கள். மண்ணில் எஞ்சிய ஈரத்தில் மூன்று மாதத்துக்குள் விளைந்துவிடும் பயிர் அது. கேள்வி பயிரைப் பற்றியதல்ல, கோப்பையைப் பற்றியது. தோசையில் விடும் நல்லெண்ணெய், கத்தரிக்காய் பொரிக்கும் நல்லெண்ணெய், எப்போதாவது இடிக்கும் எள்ளுப்பாகு இவற்றிலிருந்து ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கல்சியமும் எவ்வளவு நல்ல கொழுப்பும் உண்மையில் சேர்கின்றன?

இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. உணவு அட்டவணைகள் தரும் விடை ஒன்று உண்டு. உறிஞ்சலை அளந்த ஆய்வாளர்களின் விடை வேறொன்று. கொழுப்பைப் பற்றிய விவாதமோ எள்ளை விடத் தேங்காயையே அதிகம் சுற்றி வருகிறது. இந்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், எள்ளையும் எண்ணெயையும் ஒரே பொருளாக எண்ணிப் பேசும் வழக்கம்.

பழைய விடை

இலங்கைத் தமிழர் வீடுகளில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் கொடுக்கும் உணவில் நல்லெண்ணெய்க்கு முதலிடம். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய உழுத்தங்களி, நல்லெண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் என்று அது நாட்கணக்கில் தொடரும். பிள்ளை பெற்ற தாய்க்கும் சரக்குத்தூள் கறியோடு நல்லெண்ணெய் கொடுக்கும் வீடுகள் உண்டு. இடுப்பெலும்பு உறுதிப்படும், நாரி நோகாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியும் எள்ளை உடல் தேற்றும் உணவாகவே பார்க்கிறது.

இந்த மரபு வயதைத் தேர்ந்தெடுத்த விதம் வியப்பானது. கனடாவின் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் எலும்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வு ஒன்று, வளர்ந்த ஒருவருடைய எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, எலும்பு மிக வேகமாக வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது என்று 1999-இல் காட்டியது. பெண்பிள்ளைகளுக்கு அந்த வேகம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உச்சத்துக்கு வருகிறது. வீட்டில் முட்டையும் எண்ணெயும் ஊற்றிக் கொடுக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். எலும்புக்கு எப்போது உணவு தேவை என்ற கேள்வியில் பாட்டிமாரின் கணிப்பும் ஆய்வாளரின் அளவையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

என்ன உணவு என்ற கேள்வியில்தான் மரபின் விடை தளர்கிறது. எண்ணெயில் கல்சியம் இல்லை. கல்சியம் ஒரு தாது. அது கொழுப்பில் கரைந்து வராது. செக்கில் ஆட்டினாலும் இயந்திரத்தில் பிழிந்தாலும் எண்ணெயோடு வடிவது கொழுப்பும் கொழுப்பில் கரையும் சில பொருட்களுமே. பச்சை முட்டை ஒன்றின் வெண்கருவும் மஞ்சட்கருவும் சேர்ந்து சுமார் 28 மில்லிகிராம் கல்சியந்தான் தரும். முட்டையின் கல்சியத்தில் மிகப் பெரும்பகுதி கோதில் இருக்கிறது. உழுந்தில் 100 கிராமுக்கு 150 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, ஆனால் ஒரு வேளைக் களிக்கு 100 கிராம் உழுந்து போகாது. ஆக இந்த உணவு வளரும் பிள்ளைக்குச் சக்தியும் புரதமும் கொழுப்பும் தாராளமாகத் தருகிறது. ஒரு காலத்தில் அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளைக்கு அதுவே பெரிய உதவியாக இருந்திருக்கும். எலும்புக்கான கல்சியத்தை அது தருகிறது என்று மட்டும் சொல்லமுடியாது.

அட்டவணைகளின் விடை

எள்ளுக்குக் கல்சியப் புகழ் வந்தது விதையின் அட்டவணை எண்களால். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல பதிப்புகளாக வெளியிட்ட பழைய உணவு அட்டவணை, 100 கிராம் எள்ளில் 1450 மில்லிகிராம் கல்சியம் என்றது. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணை கறுப்பு, வெள்ளை, பழுப்பு எள்ளைப் பிரித்து அளந்தது. எண்கள் ஏறத்தாழ 1170-க்கும் 1660-க்கும் இடையில் நிற்கின்றன, கறுப்பு மேலே. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் அட்டவணை தோலுள்ள முழு எள்ளுக்கு 975 என்கிறது. பசுப்பாலில் 100 கிராமுக்கு 120 அளவில்தான் இருக்கிறது என்பதால், பாலைவிடப் பத்து மடங்கு கல்சியம் என்ற வாக்கியம் இந்த எண்களிலிருந்து பிறந்து இன்று எங்கும் சுற்றுகிறது.

எண் பொய்யில்லை. அதை வாசிக்கும் முறையில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, யாரும் 100 கிராம் எள்ளு சாப்பிடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எள்ளு 9 கிராம் அளவுதான் வரும். பாலை ஒருவர் ஒரே மூச்சில் 200 மில்லிலீற்றர் குடித்துவிடுவார். இதே காரணத்தால், 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கல்சியமுள்ள குரக்கன் எள்ளை விடத் தாழ்ந்ததுபோல் அட்டவணையில் தெரிகிறது. ஆனால் ஒருவருக்கு ஒரு வேளைப் பிட்டுக்கு 60 கிராம் குரக்கன் மா போகும், அதில் 200 மில்லிகிராம் வந்துவிடும். அட்டவணையின் வரிசையும் சாப்பாட்டின் வரிசையும் ஒன்றல்ல.

இரண்டாவது ஓட்டை பெரியது. அமெரிக்க அட்டவணையில் முழு எள்ளுக்கு அடுத்ததாகத் தோல் நீக்கிய எள்ளும் இருக்கிறது. அதன் கல்சியம் 60 மில்லிகிராம் மட்டுமே; வேறு அளவைகளில் 130 வரை காணலாம். ஒரே விதை, தோல் போனதும் கல்சியத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பறிகொடுத்துவிடுகிறது. விதையின் எடையில் 15 முதல் 20 விழுக்காடாக இருக்கும் அந்த மெல்லிய தோலில்தான் எள்ளின் கல்சியப் புகழ் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எள்ளுப்பாகுக்கு இது நேராகப் பொருந்தும். எள்ளைக் கழுவி ஊறவைத்து, தோலைத் தேய்த்தோ உரலில் இலேசாகக் குத்தியோ போக்கி, காயவைத்து வறுத்து, வறுத்த உழுத்தம்மாவோடும் சர்க்கரையோடும் எண்ணெய் கசியும்வரை இடிப்பது ஒரு கைப்பழக்கம். தோலோடு வறுத்து இடிப்பவர்களும் உண்டு. தோல் போக்கியது கசப்பில்லாமல் வழுவழுப்பாக இருக்கும், விருந்தாளிக்கு வைக்க அதுதான் அழகு. ஒரு உருண்டையில் 15 கிராம் எள்ளு இருப்பதாக வைத்தால், தோலுள்ள உருண்டையில் 150 முதல் 220 மில்லிகிராம் வரை கல்சியம் இருக்கும். தோல் போக்கியதில் 10 முதல் 20 மில்லிகிராம். ஒரே பெயர், ஒரே உரல், ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். எள்ளுப்பாகில் எவ்வளவு கல்சியம் என்று பொதுவாக ஓர் எண் தரும் எழுத்தை நம்பத் தயங்குவதற்கு இதுவே போதும்.

தோலில் உள்ள சிக்கல்

அப்படியானால் தோலோடு தின்றால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இங்கேதான் மூன்றாவது தரப்பு குறுக்கிடுகிறது. எள்ளுத் தோலில் கல்சியம் தனியாக இல்லை; பெரும்பகுதி ஒட்சலேற்று என்ற பொருளோடு பிணைந்த பளிங்காக இருக்கிறது. கல்சியம் ஒட்சலேற்று தண்ணீரில் ஏறக்குறையக் கரையாதது. கரையாததைக் குடல் எளிதில் உறிஞ்சாது.

எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் மட்டுக்கட்டலாம். ஒரு மில்லிகிராம் கல்சியத்தைக் கட்டிப்போட 2.2 மில்லிகிராம் ஒட்சலேற்று வேண்டும். முழு எள்ளில் 100 கிராமுக்கு 1 கிராம் ஒட்சலேற்று இருந்தால் அது 450 மில்லிகிராம் கல்சியத்தைக் கட்டும். 2 கிராம் இருந்தால் 900. எள்ளில் இந்த அளவு இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண் மாறினாலும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அல்லது அதற்குச் சற்று மேலே வருகிறது. ஆகவே விதையின் கல்சியத்தில் கணிசமான பகுதி, சில வேளைகளில் ஏறத்தாழ எல்லாமே, ஒட்சலேற்றின் பிடியில் இருக்கக்கூடும்.

உடல் எவ்வளவு எடுக்கிறது என்பதை அடையாளமிட்ட கல்சியத்தை மனிதருக்குக் கொடுத்து அளந்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் ஹீனியும் கொனி வீவரும். 1988-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஸ்பினாச் கீரையின் கல்சியத்தில் உடல் எடுத்தது 5 விழுக்காடு அளவே. பாலின் கல்சியத்தில் 27 விழுக்காட்டுக்கு மேல். அடுத்த ஆண்டு தனிக் கல்சியம் ஒட்சலேற்றையே கொடுத்துப் பார்த்தபோது 10 விழுக்காடு உறிஞ்சப்பட்டது. ஒட்சலேற்றில் உள்ளது முற்றிலும் வீண் என்ற கடும்போக்கு விடையை இந்த 10 விழுக்காடு சற்று மென்மையாக்குகிறது. ஸ்பினாச்சின் 5 விழுக்காட்டை எள்ளின் தலையில் அப்படியே கட்டுவது நியாயமில்லை.

வீவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990-களில் தொகுத்த அட்டவணை, இன்றுவரை பரவலாக எடுத்தாளப்படுவது, எள்ளையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி 28 கிராம் எள்ளில் 37 மில்லிகிராம் கல்சியம், உறிஞ்சல் 20.8 விழுக்காடு, உடலுக்குச் சேர்வது 7.7 மில்லிகிராம். ஒரு கோப்பைப் பாலில் 300 மில்லிகிராம் கல்சியம், உறிஞ்சல் 32 விழுக்காடு, சேர்வது 96. ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடாகப் பன்னிரண்டு பங்கு எள்ளு வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. எள்ளை மறுப்பவர்கள் இந்த வரியைத்தான் முன்வைப்பார்கள். ஆனால் அந்த வரி பேசுவது தோல் நீக்கிய எள்ளைப் பற்றி. கறுப்பெள்ளைத் தோலோடு வறுத்து இடிக்கும் வீட்டுக்கு அந்த எண் பொருந்தாது. கல்சியம் அதில் மிகக் கூட, உறிஞ்சல் வீதம் அநேகமாகக் குறைவு. ஆதரிப்பவர் தோலுள்ள எள்ளின் அட்டவணையையும் எதிர்ப்பவர் தோல் போன எள்ளின் உறிஞ்சலையும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவதால்தான் இந்த விவாதம் இத்தனை காலம் நீள்கிறது.

ஒரு மேசைக்கரண்டிக் கணக்கு

இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விசுவமடுவில் ஒருவர் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி தோலுள்ள எள்ளை வறுத்துப் பொடியாக்கிச் சாப்பிடுகிறார் என்று கொள்வோம். அமெரிக்க எண்ணின்படி அதில் 88 மில்லிகிராம் கல்சியம். பழைய இந்திய எண்ணின்படி 130. உறிஞ்சல் மிகக் கீழே, ஒட்சலேற்றின் 10 விழுக்காடு என்று வைத்தால் 9 மில்லிகிராம் சேரும். மிக மேலே, தோல் நீக்கிய எள்ளின் 20.8 விழுக்காடே கிடைக்கிறது என்று தாராளமாக வைத்தால் 27. உண்மை இரண்டுக்கும் இடையில், அநேகமாகக் கீழ்ப்பாதியில் இருக்கும். ஒரு கோப்பைப் பால் தரும் 96-இல் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை வரும்.

வளர்ந்தவருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கல்சியம் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் திருத்திய பரிந்துரை. தினமும் ஒரு மேசைக்கரண்டி எள்ளு அதில் பத்தில் ஒன்றை எண்ணிக்கையிலும், அதைவிடக் குறைவாகப் பயனிலும் நிரப்பும். வெறும் சோறும் தேங்காய்ப்பால் கறியுமாக ஓடும் சாப்பாட்டில் கல்சியம் குறைவு என்பதால் இந்தப் பத்தில் ஒன்றும் தள்ளிவிடத் தக்கதல்ல. இதில் தடுமாற்றம் வருவது தினமும் என்ற சொல்லில். பெரும்பாலான வீடுகளில் எள்ளுப்பாகு விசேஷத்துக்கு, எள்ளுருண்டை கடையில், எள்ளுச்சாதம் சனிக்கிழமைக் கோயிலில். வாரத்தில் ஒருநாள் தின்ற எள்ளை ஏழால் பிரித்துவிட்டுத்தான் நாளுக்கான எண்ணைச் சொல்லவேண்டும்.

தின்றது செரிக்கவும் வேண்டும். முழு விதையாகத் தூவிச் சாப்பிட்ட எள்ளில் ஒரு பகுதி பல்லுக்குத் தப்பி அப்படியே கழிந்துவிடும். கண்ணால் பார்த்தே அதை அறியலாம். இடித்தோ அரைத்தோ உண்பதால் கொழுப்பும் புரதமும் வெளிவரும். ஆனால் வறுப்பதும் இடிப்பதும் ஒட்சலேற்றுப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. கொதிக்கவைத்து நீரை வடிப்பது சில கீரைகளில் கரையும் ஒட்சலேற்றைக் குறைக்கும். எள்ளில் உள்ளது பெரும்பாலும் கரையாத வகை என்பதால் அந்த வழியும் இங்கு அதிகம் உதவாது. சமையலறையில் தீர்க்கக்கூடிய சிக்கலாக இது தெரியவில்லை.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இந்தக் கணக்கு விளையாட்டல்ல. இலங்கையில் தாய்சேய் கிளினிக்குகளில் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளோடு கல்சியம் லக்டேற் மாத்திரையும் கொடுக்கிறார்கள். எள்ளு சாப்பிடுகிறேன் என்று அந்த மாத்திரையை ஒதுக்க மேலே உள்ள எண்கள் எந்த ஆதாரமும் தரவில்லை. வேடிக்கை என்னவென்றால், மரபும் கர்ப்ப காலத்தில் எள்ளைச் சூடென்று விலக்கி, பிள்ளை பிறந்த பிறகே கொடுக்கிறது.

செக்கடியில் பிரியும் வழி

பத்துக் கிலோ எள்ளைச் செக்கில் போட்டால் நாலு கிலோ அளவில் எண்ணெய் வடியும், மீதி புண்ணாக்கு. அந்தப் பத்துக் கிலோவில் இருந்த 100 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட கல்சியம் முழுவதும் புண்ணாக்கில் நின்றுவிடும். எண்ணெய் போத்தலில் வீட்டுக்குப் போகும், புண்ணாக்கு சாக்கில் மாட்டுக்குப் போகும். கல்சியத்தை எதிர்பார்த்து எண்ணெய் வாங்குபவர் அதைச் செக்கடியில் விட்டுவிட்டு வருகிறார்.

இதை வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஒட்சலேற்றைச் சிதைக்க வல்லவை. மனிதக் குடலுக்கு அந்த வல்லமை மிகக் குறைவு. எள்ளுப் புண்ணாக்குத் தின்ற பசுவின் பாலும் தயிரும் வழியாக அந்தத் தாதுவில் ஒரு பகுதி, உறிஞ்சத் தக்க வடிவில், அதே வீட்டுக்குத் திரும்பி வரக்கூடும். எள்ளின் கல்சியத்தை மனிதருக்கு எட்டச்செய்யும் வழிகளில் மிக நம்பத்தக்கது மாடாக இருக்கலாம் என்பது இந்தத் துறையின் விவாதங்களில் அதிகம் பேசப்படாத பக்கம்.

கொழுப்பு: எதற்குப் பதிலாக?

எண்ணெயின் பெருமை கொழுப்பில் இருக்கிறது, அங்கே அதன் வழக்கு வலுவானது. நல்லெண்ணெயில் 100 கிராமுக்கு 14 கிராம் நிரம்பிய கொழுப்பு, 40 கிராம் ஒற்றை நிரம்பாக் கொழுப்பு, 42 கிராம் பன்மை நிரம்பாக் கொழுப்பு. தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு மட்டும் 80 கிராமுக்கு மேல். இந்த வேறுபாட்டை நன்மை என்று சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நல்லெண்ணெய் தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக வரவேண்டும். அதற்கு மேலதிகமாக வரக்கூடாது.

ஒரு மேசைக்கரண்டி, அதாவது 13.6 கிராம் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். தேங்காயெண்ணெயாக இருந்தால் நிரம்பிய கொழுப்பு 11 கிராம். நல்லெண்ணெயாக இருந்தால் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மாற்றியவருக்கு 9 கிராம் குறைகிறது. 2000 கலோரி உண்பவருக்கு நாளுக்கு 22 கிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையோடு வைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம். ஆனால் கறியைத் தேங்காயெண்ணெயில் தாளித்து, தோசைக்கும் பிட்டுக்கும் மேலே நல்லெண்ணெய் விடுபவருக்கு எதுவும் குறையவில்லை. 120 கலோரி கூடியிருக்கிறது. வன்னிச் சமையலில் நல்லெண்ணெய் அநேகமாக இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது. விலை கூடிய எண்ணெயை யாரும் பொரிக்கும் தாச்சியில் நிறைய ஊற்றமாட்டார்கள்.

பெரிய கொழுப்பு எண்ணெய்ப் போத்தலில் இல்லை என்பதும் மறக்கப்படுகிறது. நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காய் துருவினால், 350 கிராம் தேங்காயில் 115 கிராம் அளவு கொழுப்பு இருக்கும். பாதிதான் பாலில் இறங்கியது என்று வைத்தாலும் ஆளுக்கு 14, 15 கிராம் கொழுப்பு. அதில் ஏறத்தாழ 13 கிராம் நிரம்பியது. எண்ணெயை மாற்றிவிட்டுக் கறிக்கு முதற்பாலை அப்படியே விட்டால் வழக்கு பாதியில் நிற்கும்.

தேங்காயைத் தாங்குபவர்களின் வாதத்தையும் எளிதாகத் தள்ளமுடியாது. தேங்காயையே பிரதான உணவாகக் கொண்ட பசிபிக் தீவுகளான புக்காபுக்காவிலும் டொக்கலாவிலும் இதயக்குழாய் நோய் அரிது என்று இயன் பிரையரும் குழுவினரும் 1981-இல் எழுதினார்கள். ஆனால் அதே ஆய்வில், தேங்காய் அதிகம் உண்ட டொக்கலா மக்களின் கொலஸ்ரோல் அளவு கூடுதலாகவே இருந்தது. அவர்கள் மீனும் கிழங்கும் உண்டு உடலால் உழைத்தவர்கள். தேங்காயெண்ணெயில் பொரித்த ரோல்ஸ் தின்பவரோடு அவர்களை ஒப்பிடுவது கடினம். 2020-இல் வெளியான, 16 சோதனைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் தீய கொலஸ்ரோலான எல்டிஎல்லை டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு கூட்டுகிறது என்று கண்டது. மாற்றீடு என்ற நிபந்தனையோடு நல்லெண்ணெய்க்கு ஆதரவான சான்று இதுதான், அதுவும் மறைமுகமாக.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஐயம் ஒமேகா-6 பற்றியது. நல்லெண்ணெயின் பன்மை நிரம்பாக் கொழுப்பு அனேகமாக முழுவதும் லினோலெயிக் அமிலம். ஒமேகா-3 அதில் அரை விழுக்காடும் இல்லை. சிட்னியில் 1960-களில் தொடங்கிய ஒரு சோதனையின் பழைய தரவுகளை மீட்டு 2013-இல் வெளியான மறு ஆய்வு, லினோலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெய்க்கு மாறியவர்களில் இறப்புக் கூடியிருந்ததாகக் காட்டிச் சலசலப்பை உண்டாக்கியது. அங்கே பாவித்தது குசும்பா எண்ணெய், பெருமளவில், ஏற்கெனவே இதயநோய் கண்ட ஆண்களுக்கு. ஒரு கரண்டி நல்லெண்ணெய் பாவிக்கும் வீட்டுக்கு அதை நேரே கொண்டுவருவது மிகை. முல்லைத்தீவுக் கடல் மீனும் குளத்து மீனும் கிடைக்கும் வீட்டில் ஒமேகா-3 குறையை எண்ணெயிடம் கேட்கவேண்டியதும் இல்லை.

சிதம்பரத்து ஆய்வு

நல்லெண்ணெயை நேரடியாக மனிதரில் சோதித்ததாக அதிகம் எடுத்துக்காட்டப்படும் வேலை நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சங்கரும் புகழேந்தியும் மற்றவர்களும், இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் 50 பேரிடம் 45 நாட்கள் நல்லெண்ணெயையே சமையல் எண்ணெயாகப் பாவிக்கச் சொல்லி, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அழுத்தம் இறங்கியது, எண்ணெயை நிறுத்தியதும் மீண்டும் ஏறியது.

நிறுத்தியதும் ஏறியது என்பது இந்த ஆய்வின் பலம். ஒப்பிடுவதற்கு வேறு எண்ணெய் பாவிக்கும் குழு ஒன்று கூடவே இல்லாதது பலவீனம். நோயாளிகள் ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்கள். என்ன எண்ணெய் உண்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உண்ட அளவும் ஆளுக்கு நாளுக்கு 35 கிராம் அளவில், அதாவது இரண்டரை மேசைக்கரண்டி. பிற்காலத் தொகுப்பாய்வுகள் எள்ளு இரத்த அழுத்தத்தையும் முக்கிளிசரைட்டையும் ஓரளவு குறைக்கக்கூடும் என்றும், எல்டிஎல் விடயத்தில் உறுதியான பயன் தெரியவில்லை என்றும் சொல்கின்றன. தொகுக்கப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. எள்ளுக்கே உரிய செசமின், செசமொலின் ஆகியவை இந்தப் பலன்களுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. எண்ணெய் எளிதில் காறிப்போகாமல் இருப்பதற்கு செசமொலினிலிருந்து பிறக்கும் செசமோல் ஒரு காரணம் என்பது உறுதி. இரத்த அழுத்தத்துக்கும் இவைதான் காரணம் என்பது அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை.

இவையெல்லாம் போத்தலில் இருப்பது எள்ளெண்ணெய்தான் என்ற நம்பிக்கையில் பேசப்படுபவை. விளக்குக்கென்று விற்கும் மலிவான கலப்பெண்ணெய் சமையலுக்கு உரியதல்ல. அதற்கு இந்த எண்கள் எவையும் செல்லா.

தீராமல் இருப்பவை

கல்சியத்தைப் பொறுத்தவரை எண்ணெய் பற்றிய கேள்வி முடிந்துவிட்டது: அதில் இல்லை. தோல் போக்கிய எள்ளு பற்றிய கேள்வியும் ஏறக்குறைய முடிந்ததுதான். திறந்திருப்பது தோலோடு இடித்த கறுப்பெள்ளு. பெரிதும் எடுத்தாளப்படும் உறிஞ்சல் அட்டவணை அதைச் சேர்க்கவில்லை. இரண்டு எல்லைகளுக்கிடையில் நாம் போட்ட 9 முதல் 27 மில்லிகிராம் என்ற கணக்கு அளவையின் இடத்தை நிரப்ப முடியாது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த உமா, மாலி போன்ற இனங்களையும் உள்ளூர்க் கறுப்பெள்ளையும் ஒட்சலேற்றுக்காக ஒப்பிட்டால், ஒட்சலேற்றுக் குறைந்த விதையைத் தேர்ந்தெடுக்க வழி பிறக்கலாம். இதுவரை தெரிவு செய்யப்படும் குணங்கள் விளைச்சல், எண்ணெய் அளவு, நோய் எதிர்ப்பு ஆகியவைதாம்.

கொழுப்பில் திறந்திருப்பது வேறு கேள்வி. நல்லெண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு நேருக்கு நேர், தேங்காய்ப்பால் கறி வழக்கத்தில் உள்ள மக்களிடையே, மாதக்கணக்கில் ஒப்பிடும் பெரிய சோதனை வேண்டும். அதுவரை தாளிப்பிலும் பொரியலிலும் தேங்காயெண்ணெயின் இடத்தை நல்லெண்ணெய்க்குக் கொடுப்பவருக்கு ஓரளவு ஆதாயம் எதிர்பார்க்கலாம். மேலே ஊற்றிக்கொள்பவருக்கு அந்த ஆதாயத்தைக் காட்டும் சான்று இல்லை.